எரிச்சல் இல்லை, வலி இல்லை, மாத்திரை எதற்கு?

14 வாரக் கர்ப்பிணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரசவம். மசக்கை ஓய்ந்து, சாப்பாடு இறங்க ஆரம்பித்திருக்கிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வருகிறது. ‘ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று அதில் அச்சாகியிருக்கிறது.

“யூரின் போறப்ப எரியுதாம்மா?”

“இல்லீங்க டாக்டர்.”

“அடிவயிறு வலி? இடுப்பு வலி? குளிர் ஜுரம் ஏதாவது?”

“ஒண்ணுமே இல்லீங்க.”

டாக்டர் தலையாட்டிக்கொண்டே 7 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்கிறார்: “ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கும்மா இத்தனை மாத்திரை? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு கண்டதையும் முழுங்கலாமா?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கர்ப்பம் இல்லாத ஒருவருக்கு இதே ரிப்போர்ட் வந்திருந்தால் மருத்துவமும் மாமியார் பக்கம்தான் நின்றிருக்கும். சிறுநீரில் கிருமி இருந்து, உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாத நிலை வயதானவர்களிடமும் சர்க்கரை நோய் உள்ள பெண்களிடமும் சர்வசாதாரணம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கொடுத்தால் நன்மை இல்லை. சாதுவான கிருமி அழிந்த இடத்தில், மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமி குடியேறுவதும் உண்டு. சிறுநீர்ப் பாதையில் சில வகை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒரு விதிவிலக்கு. கர்ப்பிணிகள் இன்னொரு விதிவிலக்கு. அவர்களுக்கு மட்டும் ஏன் என்பதற்கான பதில், கிருமியின் குணத்திலும் கர்ப்பிணியின் உடம்பிலும் சேர்ந்தே இருக்கிறது.

முதலில் கிருமி. 100 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 2 முதல் 10 பேர் வரை இப்படிச் சத்தமில்லாமல் சிறுநீரில் கிருமியைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் அது ஈ.கோலை. நம் எல்லோருடைய குடலிலும் இருப்பதுதான். பெண்களுக்கு ஆசனவாயும் சிறுநீர் வெளியேறும் துளையும் அருகருகே இருக்கின்றன. துளையிலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ள பாதையின் நீளம் 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு அது பெரிய தூரம் அல்ல. இதில் அந்தப் பெண்ணின் சுத்தத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் இருவேளை குளிக்கும் பெண்ணுக்கும் வரும்.

எரிச்சலும் வலியும் கிருமி நேரடியாகக் கொடுப்பவை அல்ல. கிருமியைக் கண்டதும் நம் உடம்பு கொடுக்கும் பதிலடிதான் எரிச்சலாக, அவசரமாக, வலியாகத் தெரிகிறது. முரட்டு ஈ.கோலைக்கு உடம்பெங்கும் மெல்லிய முடி போன்ற இழைகள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப்பையின் உள்தோலை இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிய உடனே அந்தத் தோலின் செல்கள் அபாய மணி அடிக்க, வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. சில ஈ.கோலை வகைகளோ அந்த இழைகளை இழந்துவிட்டவை. அவை சிறுநீரில் மிதந்தபடியே பெருகுகின்றன. தோலைச் சீண்டாததால் உடம்பும் கண்டுகொள்வதில்லை. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு சிறுமியின் சிறுநீர்ப்பையில் மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் ஒரு ஈ.கோலை வாழ்ந்திருக்கிறது. 83972 என்ற எண்ணோடு அது இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. அதை ஆராய்ந்தபோது, இழைகளுக்கான மரபணுக்கள் சிதைந்துபோயிருந்தது தெரியவந்தது. அந்தக் கிருமியைத் தெரிந்தே சிலரின் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, முரட்டுக் கிருமிகள் வராமல் தடுக்கும் முயற்சிகள்கூட நடந்திருக்கின்றன.

கர்ப்பிணி விஷயத்தில் இந்த மௌனத்துக்கு இன்னொரு திரையும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீர்த் தொற்றின் அறிகுறிகள் என்று எவற்றைச் சொல்கிறோமோ, அவற்றில் பாதி கர்ப்பத்தில் இயல்பாகவே இருப்பவை. கருப்பை சிறுநீர்ப்பையின் மேல் அழுத்துவதாலும், சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக வடிகட்டுவதாலும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இடுப்பு வலிக்கிறது, அடிவயிறு கனக்கிறது. “மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். உண்மையிலேயே லேசான அறிகுறி இருக்கும் பெண்கூட, தனக்கு ஒன்றும் இல்லை என்றே டாக்டரிடம் சொல்லிவிடுவதற்கு இதுவே காரணம்.

சாதுவான கிருமி என்றால் அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அது சாதுதானா, நாளைக்கு முரடாகுமா என்று கல்ச்சரைப் பார்த்துச் சொல்ல வழி இல்லை. அதைவிட முக்கியமானது, கிருமி மேலே ஏறும் பாதை கர்ப்பத்தில் மாறிப்போவது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு ஒரு குழாய் இறங்குகிறது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். சிறுநீர் அதில் சும்மா வழிந்து இறங்குவதில்லை. குழாயின் தசை மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி, சொட்டுச் சொட்டாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கீழே சிறுநீர்ப்பையில் கிருமி இருந்தாலும் மேலே ஏறவிடாமல் காப்பது இந்தத் தள்ளல்தான். கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது. கருப்பை முன்கூட்டியே சுருங்கிவிடாமல் அதைத் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால் அது கருப்பையின் தசையோடு நிற்காமல், இந்தக் குழாய்களின் தசையையும் தளர்த்திவிடுகிறது. மாதங்கள் ஏற ஏற, வளரும் கருப்பை இடுப்பெலும்பின் விளிம்பில் குழாய்களை அழுத்தவும் செய்கிறது. தண்ணீர் ஓடாத வாய்க்காலில் பாசி பிடிப்பது போல, நகராமல் தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகுகிறது. எதிர்த்துத் தள்ளும் ஓட்டம் இல்லாததால் மெல்ல மேலே ஏறவும் முடிகிறது.

கருப்பை வளரும்போது சற்று வலப்பக்கமாகத் திரும்பி நிற்பது வழக்கம். இடப்பக்கம் பெருங்குடலின் ஒரு பகுதி இடையில் இருந்து அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் வலது பக்கக் குழாய்தான் அதிகம் நசுங்கி, அதன் மேல்பகுதி அதிகம் விரிகிறது. ஐந்து, ஆறு மாதத்தில் ஸ்கேன் எடுக்கும்போது ‘வலது சிறுநீரகத்தில் லேசான விரிவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோகும் பெண்கள் உண்டு. பெரும்பாலும் அது இயல்பானது, பிரசவமாகிச் சில வாரங்களில் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு வரும் சிறுநீரகத் தொற்று வலப்பக்கமே அதிகம் வருவதும், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே அதிகம் வருவதும் இதனால்தான்.

சிறுநீரகத் தொற்று வந்தால் அது சத்தமில்லாமல் வருவதில்லை. நடுக்கும் குளிர், 102 டிகிரிக்கு ஏறும் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி, ஓயாத வாந்தி. டாக்டர் அந்த இடத்தைக் கையால் லேசாகத் தட்டினாலே துடித்துப்போவார்கள். கர்ப்பிணிக்கு இது மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நோய் அல்ல. மருத்துவமனையில் சேர்த்து, சலைன் ஏற்றி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் விட்டபிறகு மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் 14 நாள் முடிப்பது வழக்கம். கிருமி ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தம் விழலாம். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரும். கிருமியின் நச்சும் காய்ச்சலும் சேர்ந்து கருப்பையைச் சுருங்கவைத்து, மாதம் நிறையாமலே வலி எடுக்கவும் கூடும்.

மௌனமான கிருமியும் இந்தக் காய்ச்சலும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள் என்பது 1950-களில்தான் தெளிவானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பிடித்துக் கொடுக்கும் சிறுநீரில் எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். அது வெளித்தோலில் இருந்து கலந்ததா, உள்ளேயே இருந்து வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? அவர் எண்ணிப் பார்த்தார். தொற்று உறுதியானவர்களின் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமிகள் இருந்தன. வெளியிலிருந்து கலந்ததாக இருந்தால் எண்ணிக்கை பெரும்பாலும் அதற்கு வெகு கீழே நின்றது. இன்று நம் ரிப்போர்ட்களில் வரும் ‘ஒரு லட்சம்’ என்ற கோடு அவர் போட்டது.

அடுத்ததாக, அதே மருத்துவமனையில் எந்தத் தொந்தரவும் இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர் பரிசோதித்தார். ஏறக்குறைய 6 சதவீதத்தினரிடம் அந்தக் கோட்டைத் தாண்டிய கிருமி இருந்தது. அவர்களில் மருந்து பெறாதவர்களில் 10-க்கு 4 பேர் அளவுக்குப் பின்னால் சிறுநீரகத் தொற்று வந்தது. மருந்தால் சிறுநீர் சுத்தமானவர்களுக்கு அது ஏறக்குறைய வரவே இல்லை. உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்க் கல்ச்சர் எடுக்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

மாமியார் தரப்புக்கும் ஒரு சாட்சி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சர்க்கரை நோய் போன்ற சிக்கல் எதுவும் இல்லாத, ஒற்றைக் குழந்தை சுமக்கும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. மௌனமான கிருமி இருந்து, ஆன்டிபயாடிக் பெறாத 208 பேரில் 5 பேருக்குத்தான் சிறுநீரகத் தொற்று வந்தது, அதாவது 2.4 சதவீதம். கிருமியே இல்லாதவர்களில் அது 0.6 சதவீதம். ஆபத்து நான்கு மடங்கு என்பது உண்மை. ஆனால் காஸ் கண்ட 40 சதவீதத்தின் அருகில்கூட அது இல்லை. குறைப்பிரசவத்தோடு அந்தக் கிருமிக்குத் தொடர்பும் தென்படவில்லை.

எனவே பழைய எண்களை அப்படியே சொல்லி ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது சரியல்ல. அதே நேரத்தில், அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான, குறைந்த ஆபத்துள்ள பெண்கள். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போய்விடக்கூடியவர்கள். ரத்தசோகை, கர்ப்பகாலச் சர்க்கரை, முன்பே சிறுநீரகக் கல், மருத்துவமனைக்குத் தூரம் என்று பல சுமைகள் சேரும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பார்த்துத் துணிச்சல் கொள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மௌனமான கிருமி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 7 நாள் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறது. அமெரிக்க நிபுணர் குழுக்களும், கர்ப்பிணிகளுக்குக் கல்ச்சர் எடுத்துச் சிகிச்சை தர வேண்டும் என்பதில் உறுதியாகவே இருக்கின்றன. ஒரு வார மாத்திரையின் சிரமம் சிறியது, வந்துவிட்டால் அந்தக் காய்ச்சல் பெரியது. இந்தக் கணக்கில் எனக்கும் சந்தேகம் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “மாசா மாசம் யூரின் டெஸ்ட் எடுக்கறாங்களே, அதுல தெரியாதா?” என்று பல பெண்கள் கேட்கிறார்கள். தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பார்ப்பது பெரும்பாலும் அல்புமினும் சர்க்கரையும்தான். அது ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வரும் சிக்கலையும் சர்க்கரையையும் கண்டுபிடிக்க. ‘யூரின் ரொட்டீன்’ என்று எடுப்பதில் பஸ் செல்ஸ் எத்தனை என்று வரும். “6–8 பஸ் செல்ஸ் இருக்கு, இன்ஃபெக்‌ஷன்” என்று அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவதும் நடக்கிறது. பஸ் செல்ஸ் என்பவை வெள்ளை அணுக்கள். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுதலாக இருப்பதால், சிறுநீர் பிடிக்கும்போது அதிலிருந்து கலந்தும் அவை வரும். அதனால் கிருமி இல்லாமலே எண்ணிக்கை ஏறலாம். மறுபக்கம், மிதந்துகொண்டிருக்கும் சாதுக் கிருமி வெள்ளை அணுக்களைக் கூப்பிடாமலே லட்சக்கணக்கில் இருக்கலாம். இரண்டு திசையிலும் ஏமாற்றும் சோதனை இது.

நிறம் மாறும் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையும் கர்ப்பிணியிடம் தடுமாறுகிறது. அந்தப் பட்டை தேடுவது நைட்ரைட் என்ற பொருளை. ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீரில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதற்குச் சிறுநீர் ஏறக்குறைய நான்கு மணி நேரமாவது பையில் தங்கியிருக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் ஓடும் கர்ப்பிணியின் பையில் கிருமிக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. பட்டை நிறம் மாறாததால் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆக, இந்த மௌனத்தை நம்பகமாகக் கலைக்கும் சோதனை கல்ச்சர் ஒன்றுதான். கர்ப்பத்தின் தொடக்கத்தில், முதல் சில பரிசோதனைகளுக்குள் ஒருமுறை அதைச் செய்துவிட வேண்டும்.

கல்ச்சரின் தரம் லேபில் தீர்மானமாவதைவிட பாத்ரூமில் தீர்மானமாவதே அதிகம். “இந்தா டப்பா, யூரின் புடிச்சிட்டு வா” என்று கொடுத்து அனுப்பினால் பாதி ரிப்போர்ட் வீணாகும். நல்ல நர்ஸ் ஒருவர் இப்படிச் சொல்வார்: “கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போம்மா. கீழ தண்ணி விட்டு முன்னாலேர்ந்து பின்னால கழுவிக்கோ. ஒரு கையால விரிச்சிப் புடிச்சிக்கிட்டு, மொதல்ல வர்றத கொஞ்சம் கீழ விட்டுடு. நிறுத்தாம நடுவுல வர்றத மட்டும் டப்பாவுல புடி. மூடிக்கு உள்பக்கம் கை படக் கூடாது. மூடிட்டு நேரா இங்க கொண்டாந்து குடுத்துடு.” முதலில் விடும் சிறுநீர், வெளிவாயிலில் இருக்கும் தோல் கிருமிகளைக் கழுவிக்கொண்டு போய்விடும். நடுவில் வருவது சிறுநீர்ப்பையில் இருந்ததற்கு நெருக்கமானது.

நேராகக் கொண்டுவந்து கொடு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிடிக்கும்போது தவறிக் கலந்த கிருமி, ஒரு மில்லிலிட்டரில் வெறும் 1,000 என்று கொள்வோம். சிறுநீர் கிருமிக்கு நல்ல உணவு. வெயில் நாளில் டப்பா மேசை மேல் கிடந்து, கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டிக்கும். 1,000 என்பது 2,56,000 ஆகிவிடும். காஸ் போட்ட ஒரு லட்சக் கோட்டை அது தாண்டிவிடுகிறது. இல்லாத தொற்றுக்கு ஒரு பெண் மாத்திரை விழுங்க நேர்வது இப்படித்தான். வீட்டில் காலையில் பிடித்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று, மதியம் கொடுப்பதைவிட மருத்துவமனையிலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் கிருமி பெருகாது.

லேபில் நடப்பது எளிமையானது. ஒரு மெல்லிய கம்பி வளையம் இருக்கும். அதைச் சிறுநீரில் ஒருமுறை தோய்த்தால் மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதில் ஒட்டிக்கொள்ளும் என்று அளந்து செய்தது. அதை ஜெல்லி பரப்பிய தட்டில் இழுத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைத்துவிடுவார்கள். மறுநாள் ஒவ்வொரு கிருமியும் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக வளர்ந்திருக்கும். 100 புள்ளி இருந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. பிறகு அந்தக் கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் தோய்ந்த சிறு வட்டக் காகிதங்களை மேலே வைப்பார்கள். எந்தக் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் விழுகிறதோ, அந்த மருந்து கேட்கும். இதற்கு இன்னொரு இரவு. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆவது இதனால்தான்.

ரிப்போர்ட்டில் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். கிருமியின் பெயர், அதன் எண்ணிக்கை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற பட்டியல். மூன்று நான்கு கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக எழுதியிருந்தால், அது அநேகமாக வெளியிலிருந்து கலந்தது. மாத்திரை தொடங்காமல் மறுபடி ஒழுங்காகப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

நாம் தொடங்கிய பெண்ணுக்கு ஈ.கோலை மட்டும், ஒரு லட்சத்துக்கு மேல். பட்டியலில் அமாக்சிசிலின் கேட்காது, செஃபலெக்சின் கேட்காது, நைட்ரோஃப்யூரன்டாயின் கேட்கும், ஃபாஸ்ஃபோமைசின் கேட்கும் என்று வந்திருக்கிறது. இந்தியாவில் இன்று இது அபூர்வமான ரிப்போர்ட் அல்ல. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, பாதியில் விட்டதன் விளைவும் இதில் இருக்கிறது. பழைய, எளிய மருந்துகள் பல பயனற்றுப்போன பிறகும், நைட்ரோஃப்யூரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் இன்னும் பெரும்பாலான ஈ.கோலைக்குக் கேட்கின்றன.

14 வாரம் என்பதால் டாக்டர் நைட்ரோஃப்யூரன்டாயின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள் என்று எழுதியிருக்கிறார். இந்த மருந்து ரத்தத்திலும் மற்ற உறுப்புகளிலும் மிகக் குறைவாகவே நிற்கும். சிறுநீரகம் அதை வேகமாக வடித்துச் சிறுநீரில் குவித்துவிடும். கிருமி இருக்கும் இடத்திலேயே மருந்தும் குவிவதால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இது பொருத்தமானது. ஆனால் அதே காரணத்தால் சிறுநீரகத்தின் சதைக்குள் தொற்று ஏறிவிட்டால் இது போதாது. காய்ச்சலும் முதுகுவலியும் வந்த பிறகு, வீட்டில் மிச்சமிருக்கும் இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருப்பது நேரத்தை வீணடிப்பதாகும்.

வயிற்றுப் பிரட்டல் வரலாம் என்பதால் இதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். எரிச்சலுக்கு என்று மருந்துக் கடையில் தரும் சிட்ரேட் சிரப்பை இதோடு சேர்த்துக் குடிப்பவர்கள் அநேகம். அந்த சிரப் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃப்யூரன்டாயின் அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சேர்த்துக் குடித்தால் மாத்திரையின் பலத்தைத்தான் குறைத்துக்கொள்கிறோம். பார்லி தண்ணீரும் இளநீரும் அப்படித்தான். உடம்புக்கு நல்லது, தாராளமாகக் குடிக்கலாம். சிறுநீர் நீர்த்துப் போவதால் சுகமாகவும் இருக்கும். ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டிய கிருமியை அவை வெளியேற்றிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எந்த மருந்து என்பதில் மாதக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நைட்ரோஃப்யூரன்டாயினைப் பிரசவத்தை ஒட்டிய கடைசி வாரங்களில் தவிர்ப்பார்கள், ஏனென்றால் பிறக்கும் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் அதனால் உடையக்கூடும். ஜி6பிடி குறைபாடு உள்ள தாய்க்கும் கொடுக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் வேறு நல்ல மருந்து இருந்தால் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதத்தில் ஆகாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாக ஃபோலிக் அமிலம் தேவைப்படும் காலம் அது. நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைகளைக் கர்ப்பத்தில் வேறு வழி இல்லாதபோது தவிரத் தொடுவதில்லை. ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று சொன்னதும் சில கடைகளில் கையில் எடுத்துத் தருவது இந்த வகையைத்தான். கர்ப்பிணி என்று சொல்லாமல் கணவர் போய் வாங்கிவருவதில் உள்ள ஆபத்து இதுதான். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி. தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடித்தால் போதும், பல நாள் விழுங்க முடியாதவர்களுக்கு அது ஒரு வழி.

7 நாள் ஏன், ஒரே நாளில் முடிக்கக் கூடாதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ், அர்ஜென்டினா நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், மௌனமான கிருமி உள்ள கர்ப்பிணிகளுக்கு நைட்ரோஃப்யூரன்டாயினை ஒரு நாளும் ஏழு நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் போட்டவர்களில் சுமார் 76 சதவீதத்தினருக்கும், ஏழு நாள் போட்டவர்களில் சுமார் 86 சதவீதத்தினருக்கும் சிறுநீர் சுத்தமானது. தொந்தரவே இல்லாத நோய்க்கு மூன்றாம் நாள் மாத்திரையை மறந்துபோவது சுலபம். நின்றுபோன எரிச்சலோ விட்டுப்போன காய்ச்சலோ நினைவூட்ட இங்கே இல்லை.

முழு ஏழு நாள் போட்டவர்களிலும் ஏழில் ஒருவருக்குக் கிருமி மிஞ்சுகிறது என்பதுதான் அந்த எண்ணின் மறுபக்கம். மருந்து முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்ப்பது பல மருத்துவர்களின் வழக்கம். முதல் முறை ஒன்றும் தெரியாமல் வந்த கிருமி, திரும்பி வந்தாலும் தெரியாமலே வரும் என்பதால் அது அவசியம் என்றே நினைக்கிறேன். மீண்டும் இருந்தால் பட்டியலைப் பார்த்து வேறு மருந்து. ஒருமுறை சிறுநீரகத் தொற்றே வந்துவிட்ட பெண்ணுக்கு, பிரசவம் முடியும்வரை தினமும் இரவில் சிறிய அளவு மருந்து தொடரச் சொல்வதும் உண்டு.

கடைசியாக ஒரு கிருமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ஈ.கோலைக்குப் பதிலாக ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்று வந்தால், அதன் பொருள் வேறு. சிறுநீரில் அது தென்படுகிறது என்றால் பிறப்புப் பாதையில் அது நிறையவே இருக்கிறது என்று அர்த்தம். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றி, பிறந்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கலக்கக்கூடிய கிருமி அது. இப்போது மாத்திரையால் சிறுநீரைச் சுத்தமாக்கினாலும், பிறப்புப் பாதையில் அது திரும்ப வந்துவிடும். எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டாமல் இருந்தாலும், பிரசவ வலி தொடங்கியதிலிருந்து தாய்க்கு நரம்பு வழியாக பெனிசிலின் கொடுக்க வேண்டும், பிரசவத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே ஆரம்பித்தால் குழந்தைக்கு நல்ல பாதுகாப்பு. நான்காம் மாதத்தில் எடுத்த அந்த ரிப்போர்ட் பத்தாம் மாதத்தில் லேபர் வார்டில் தேவைப்படுகிறது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் வேறு ஊரில் சேரும் பெண்களுக்கு அது கைவிட்டுப் போவது எளிது. கர்ப்பிணி அட்டையின் முன்பக்கத்தில் அந்தக் கிருமியின் பெயரை எழுதச் சொல்லி, ரிப்போர்ட்டையும் அதோடு பின் பண்ணி வைத்துக்கொண்டால், நடு இரவில் வலி எடுத்துப் போனாலும் பணியில் இருக்கும் நர்ஸ் பார்த்ததும் ஊசியை எடுத்துவைப்பார்.